டிஸ்பெர்ஷன்: சிதறலா, பரவலா, விரவலா?

கயல்விழி:
குழுவினருக்கு வணக்கம். தரவக மொழியியல் கட்டுரைகளை மதிப்பிடுகிறவர்களுக்காக ஒரு சிறு வழிகாட்டி எழுதுகிறேன். மொழியை ஆராயத் திரட்டிய நூல்தொகுப்பான கார்ப்பஸுக்குத் தரவகம், ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்னும் ஃப்ரீக்வென்சிக்கு நிகழ்வெண் என்று வைத்துவிட்டேன். டிஸ்பெர்ஷனில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு சொல் நூறு முறை வந்தது என்று கட்டுரை சொல்கிறது. அந்த நூறும் பல நூல்களில் கலந்து கிடக்கின்றனவா, ஒரே நூலில் குவிந்து கிடக்கின்றனவா? இதைக் குறிக்க ஒரு சொல் வேண்டும். பள்ளிப் புள்ளியியலில் ‘சிதறல்’ இருக்கிறது. அதையே போடலாமா?

ராமநாதன்:
அம்மா, இந்தச் சொல்லே தேவையா? பிரவுன் என்ற பழைய ஆங்கிலத் தரவகம் பத்து லட்சம் சொல். அன்றைக்கு அது மலை. இன்றைக்குச் செய்தித் தளங்களிலிருந்தே பல கோடி சொல் திரட்டலாம். அளவு பெருகினால் குவியலெல்லாம் தானே கரைந்துவிடும். கட்டுரையாளரிடம் முதலில் அளவைக் கேளுங்கள், போதும். முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவன் சொல்கிறேன்.

சேரன்:
ஐயா சொல்வதில் பாதி சரி. அபூர்வமான சொல்லுக்கு அளவு வேண்டும்தான். மூன்றே முறை வந்த சொல்லை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் பிரவுனின் பலம் பத்து லட்சத்தில் இல்லை. 1961இல் அமெரிக்காவில் அச்சானவற்றிலிருந்து 15 வகைகளில் 500 துண்டுகள், துண்டுக்குச் சுமார் 2000 சொல் என்று எடுத்தார்கள். அதனால் எந்த ஒரு நூலும் மொத்தக் கணக்கைத் தன் பக்கம் இழுக்க முடியாது. செய்தியை மட்டும் கோடிக்கணக்கில் கொட்டினால் ‘தெரிவித்தார்’ உச்சிக்கு ஏறும், ‘வாடா’வைத் தேட வேண்டியிருக்கும். எத்தனை கோடி ஆனாலும் அது செய்தித் தமிழ்தான். கட்டுரைத் தலைப்பில் ‘இன்றைய தமிழ்’ என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

கயல் கேட்டதற்கு ஒரு மனக்கணக்கு. சம அளவுள்ள ஐந்து பகுதிகளாலான தரவகம் என்று வைத்துக்கொள்வோம். ‘அதனால்’ 100 முறை, பகுதிக்கு இருபதாக. ‘மாலுமி’யும் 100 முறைதான், ஆனால் கடல் நாவல் இருக்கும் பகுதியில் 80, மற்ற நான்கில் ஐந்தைந்து. அட்டவணையில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். மொழியியலாளர் கிரீஸ் 2008இல் முன்வைத்த டிபி அளவை, ஒவ்வொரு பகுதியும் தரவகத்தில் பிடிக்கும் பங்கையும் அங்கே விழும் வருகைகளின் பங்கையும் ஒப்பிடுகிறது. ‘மாலுமி’க்கு:

```
DP = (|0.8 − 0.2| + 4 × |0.05 − 0.2|) / 2 = 0.6
```

‘அதனால்’ என்பதற்கு விடை 0. கடல் நத்தையைப் பற்றிய ஒரே நூல் உள்ளே வந்துவிட்டால் நத்தையின் பெயர் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியலில் ஏறிவிடும் என்று தரவக ஆய்வாளர் கில்கேரிஃப் சொன்னதும் இதே சிக்கலைத்தான்.

யாழினி:
எங்கட பக்கம் நிகழ்வெண் எண்டு சொல்லுறேல்ல, மீடிறன் எண்டுதான் படிச்சனாங்கள். ‘கதைக்கிறது’ எண்ட சொல் எங்கெங்க பரவியிருக்கு எண்டு நான் ஊர் ஊராக் கேட்டு எழுதி வச்சிருக்கிறன். அதுக்குப் ‘பரவல்’ நல்லாப் பொருந்தும். அதையே போடுங்கோவன்.

கயல்விழி:
அக்கா, நீங்கள் சொல்வது ஊர்களுக்கிடையே. நான் கேட்டது தரவகத்திலுள்ள நூல்களுக்கிடையே. ஆனால் ‘பரவல்’ என்றதும் உங்களுக்கு நிலப்படம் நினைவுக்கு வந்தது பாருங்கள், வேறு வாசகருக்கும் அப்படித்தான் வரும். தவிர, புள்ளியியலில் டிஸ்ட்ரிபியூஷன் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. மீடிறனையும் சேர்த்தே தருகிறேன்.

சேரன்:
சிதறலும் எனக்கு ஒட்டவில்லை. இயற்பியலில் ஒளிச்சிதறல் இருக்கிறது. அதைவிட, காதுக்கு அது உடைந்துபோனது போல் கேட்கிறது. நமக்கோ நன்றாகக் கலந்திருப்பதுதான் நல்ல செய்தி. ‘விரவல்’ எப்படி?

ராமநாதன்:
விரவுப்பெயர் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது தம்பி. இலக்கணம் படித்தவர் குழம்ப மாட்டாரா?

சேரன்:
அங்கே இரு திணைக்கும் பொதுவான பெயர். இங்கே நூல்களில் கலந்திருத்தல். இரண்டும் சண்டை போடாது என்றே நினைக்கிறேன். என் கவலை வேறு. டிபியில் 0 என்றால் சீராகக் கலந்திருக்கிறது, எண் கூடக் கூடக் குவியல். ஜுயிலாண்டின் டி என்ற பழைய அளவை நேர்மாறு. அதில் 1தான் சீர். ‘விரவல் 0.6’ என்று மொட்டையாக எழுதினால் நன்றாக விரவியிருக்கிறது என்று படித்துவிடுவார்கள். ஆகவே கலந்திருக்கும் தன்மைக்கு விரவல், டிபிக்கு ‘விகித விலகல்’ என்று பிரிக்கலாம். இன்னொன்று: ஐந்து சமப் பகுதி என்றால் டிபி 0.8க்கு மேல் போகவே முடியாது. எத்தனை பகுதியாக வெட்டினார்கள் என்று சொல்லாத கட்டுரையில் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

கயல்விழி:
விரவல், விகித விலகல் இரண்டையும் வரைவில் போடுகிறேன். ராமநாதன் ஐயாவின் எதிர்ப்பை அடிக்குறிப்பாக வைக்கிறேன்.

ராமநாதன்:
வையுங்கள். அப்படியே இதையும் கேளுங்கள்: ‘வந்து கொண்டிருக்கிறான்’ என்பதை ஒருவர் சேர்த்தும் ஒருவர் பிரித்தும் அச்சிடுகிறார். அது ஒரு சொல்லா, இரண்டா? உங்கள் பத்து லட்சம் எந்தக் கணக்கில் பத்து லட்சம்?

சேரன்:
ஐயா, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். என்னிடம் விடை இல்லை.