சம்பளம் கூடினால் கைக்கு வருவது குறையுமா? வன்னியில் வேலை செய்கிறவர்களின் அனுபவங்கள்

கிளிநொச்சி சம்பளப் பிரிவு

வணக்கம். கிளிநொச்சியில் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். அண்மையில் எங்கள் கள மேற்பார்வையாளர் ஒருவர் பதவி உயர்வுக் கடிதத்தோடு என் மேசைக்கு வந்தார். "தங்கச்சி, இது எனக்கு வேண்டாம். எப்படி மறுத்து எழுதுவது என்று சொல்லித் தாங்கோ" என்றார். அவருடைய மாதச் சம்பளம் 230,000 ரூபாய். உயர்வுக்குப் பிறகு 240,000.

கடிதத்தின் பின்பக்கத்தில் நீலப் பேனையால் 240,000இன் 18 வீதம் 43,200 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். இப்போது அவருக்கு வரியாக வெட்டுப்படுவது 4,800. பத்தாயிரம் கூட்டித் தந்துவிட்டு நாற்பத்துமூவாயிரத்தைப் பறிக்கப் போகிறார்கள் என்பது அவர் முடிவு. நல்ல வேலைக்காரர், பொறுப்பை ஏற்கத் தயங்குகிற ஆளும் இல்லை. பிழையான ஒரு கணக்குக்காக அந்த இடத்தை விட இருந்தார்.

18 வீதத்தை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். 2025 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் உள்ள, சம்பளத்தில் வெட்டுகிற ஏபிஐடி வருமான வரியின் மாத அட்டவணை வாட்ஸ்அப்பில் சுற்றி வந்திருக்கிறது. யாரோ வலப்பக்கத்தை வெட்டிவிட்டுப் பகிர்ந்திருக்கிறார்கள். 233,333இல் இருந்து 275,000 வரை 18 வீதம் என்பது மட்டும் தெரிகிறது. முழு அட்டவணையில் அதே வரிசையில் "37,000 ரூபாயைக் கழிக்க" என்றும் இருக்கும். அதையும் சேர்த்துப் பார்த்தால் 43,200இல் 37,000 போக 6,200தான் வரி.

அதாவது வரி 4,800இல் இருந்து 6,200 ஆகிறது. கூடுவது 1,400. சம்பளம் கூடுவது 10,000. சேமலாப நிதிக்கு அந்தப் பத்தாயிரத்தில் 8 வீதம், 800 போகும். கைக்கு 7,800 கூடுதலாக வரும். அவர் கடிதத்தைத் திரும்ப மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார், ஏற்றுக்கொண்டார்.

உங்கள் இடங்களிலும் இப்படி யாராவது பயந்த கதை இருந்தால் எழுதுங்கள்.

பரந்தன் தம்பி

அக்கா, முழுச் சம்பளத்துக்கும் வரி வராது என்பது எனக்குத் தெரியும். முதல் 150,000க்கு வரி இல்லை. ஆனால் அதற்கு மேலே உள்ளதுக்கு 18 வீதம் வரத்தானே செய்யும்? 240,000இல் 150,000 போனால் 90,000. அதில் 18 வீதம் 16,200. முன்பு 4,800 கட்டியவர் இப்போது 16,200 கட்டினால் வரி 11,400 கூடுகிறது, சம்பளமோ 10,000தான் கூடுகிறது. அப்படியென்றால் அந்த அண்ணை பயந்ததில் கொஞ்சம் நியாயம் இருக்கிறதே?

கிளிநொச்சி சம்பளப் பிரிவு

தம்பி, நீங்கள் பாதித் தூரம் சரியாக வந்துவிட்டீர்கள். 150,000க்குக் கீழே உள்ளதைத் தொடமாட்டார்கள் என்பது சரி. அதே மாதிரித்தான் அடுத்த துண்டையும் 18 வீதம் தொடாது. 150,000க்கு மேலே முதல் 83,333 ரூபாய்க்கு எப்போதும் 6 வீதம்தான். நீங்கள் நாளைக்கு ஐந்து இலட்சம் உழைத்தாலும் அந்த 83,333க்கு 5,000 ரூபாய்தான் கட்டுவீர்கள். அந்த அண்ணையின் 90,000இல் அது போக மிச்சம் 6,667. அதற்கு மட்டும் 18 வீதம், 1,200. இரண்டையும் கூட்டினால் அதே 6,200.

வீட்டுக்குப் பின்னால் நெல் மூட்டை அடுக்குகிறீர்கள் என்று வையுங்கள். மேலே ஒரு மூட்டை வைத்ததால் அடியில் இருக்கிற மூட்டையின் நிறை மாறுவதில்லை. புதிதாக வைத்ததற்கு மட்டும்தான் புது விலை.

வவுனியா கணக்காளர்

தங்கச்சி சொன்னது சரி. அந்த 37,000 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதில்லை. தெரிந்துகொண்டால் பிறகு ஒரு நாளும் பயம் வராது என்பதால் சொல்கிறேன். 18 வீதம் என்று மொத்தச் சம்பளத்துக்கும் பெருக்கும்போது கூடுதலாக எடுத்துவிட்டோம் அல்லவா? வரியே இல்லாத 150,000க்கு 18 வீதம் எடுத்தது 27,000. 6 வீதமே வரவேண்டிய 83,333க்கு 12 வீதம் கூட எடுத்தது 10,000. இரண்டும் சேர்ந்து 37,000. அதைத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள். 24 வீத வரிசைக்கு 53,500, 30 வீதத்துக்கு 72,500, 36 வீதத்துக்கு 94,000 என்று கழிவும் சேர்ந்தே ஏறுவது இதனால்தான்.

உங்களுக்குக் கிடைத்த அட்டவணை சரியானதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எல்லை எண்ணை எடுத்து இரண்டு வரிசையிலும் போட்டுப் பாருங்கள். 233,333க்கு 6 வீதம் 14,000, அதில் 9,000 போனால் 5,000. அதே எண்ணுக்கு 18 வீதம் 42,000, அதில் 37,000 போனால் 5,000. இரண்டும் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அந்தப் படம் வெட்டப்பட்டது அல்லது பழைய ஆண்டுக்கானது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் தளத்தில் இருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முறிகண்டி ரீச்சர்

நான் ஆசிரியை. அரச சம்பளத்தைக் கூட்டினார்களே, இனி எங்களுக்கும் 6 வீதம் வெட்டுவார்களா? என்னுடைய மொத்தம் இன்னும் ஒன்றரை இலட்சத்தை எட்டவில்லை. எட்டிவிட்டால் ஒன்பதாயிரம் போய்விடும் என்று எங்கள் ஓய்வறையில் எல்லோரும் கதைக்கிறார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள் கம்பசில் படிக்கிறார்கள், அதுதான் கேட்கிறேன்.

வவுனியா கணக்காளர்

ரீச்சர், உங்கள் சம்பளம் 150,000ஐ எட்டும்வரை ஒரு சதமும் இல்லை. எட்டிய மாதத்திலும் ஒன்பதாயிரம் போகாது. 151,000 எடுத்தீர்கள் என்றால் வரி 60 ரூபாய். ஓய்வறையில் கதைத்த அந்த 9,000, அட்டவணையின் அதே வரிசையில் கழிக்கச் சொல்லியிருக்கிற தொகை. அதை யாரோ கட்டவேண்டிய தொகையாக வாசித்திருக்கிறார்கள்.

மாங்குளம் அண்ணை

நீங்கள் எல்லோரும் கணக்குக் காட்டுகிறீர்கள். எனக்கு உண்மையிலேயே குறைந்தது. 2023 தை மாதம் எனக்கு வருடாந்த ஏற்றம் 4,000 கிடைத்தது. 180,000 எடுத்துக்கொண்டிருந்தேன், 184,000 ஆனது. அந்த மாதம் வங்கிக்கு வந்த காசு மார்கழியை விடக் குறைவு. மனிசிக்குக் கணக்குச் சொல்லி முடியவில்லை. அன்றையிலிருந்து எங்கள் பக்கத்தில் எல்லோரும் "ஏற்றம் தந்தால் நட்டம்" என்றுதான் சொல்கிறார்கள்.

கிளிநொச்சி சம்பளப் பிரிவு

அண்ணை, அந்த மாதம் குறைந்தது உண்மை. ஆனால் குறைத்தது ஏற்றம் இல்லை. 2023 ஜனவரி முதலாம் திகதிதான் சட்டம் மாறியது. அதற்கு முன்பு மாதம் ஒன்றுக்கு 250,000 வரை வரி இல்லை. அன்றிலிருந்து 100,000க்கு மேலே எடுக்கிற எல்லோருக்கும் வெட்டத் தொடங்கினார்கள். அப்போது 41,667 ரூபாய்க்கு ஒரு படி, 6, 12, 18 வீதம் என்று ஏறியது.

உங்கள் 184,000க்கு வரி 7,620. சரி, ஏற்றமே தராமல் 180,000இல் விட்டிருந்தாலும் 7,100 வெட்டியிருப்பார்கள். ஏற்றத்தால் வந்த வரி அந்த 520 ரூபாய் மட்டும். சேமலாப நிதி 320ஐயும் விட்டால், அந்த 4,000இல் 3,160 உங்களுக்கு வந்திருக்கிறது. ஏற்றம் இல்லாவிட்டால் இன்னும் 3,160 குறைவாகக் கொண்டுபோயிருப்பீர்கள். தையிலேயே இரண்டும் ஒன்றாக விழுந்ததால் பழி ஏற்றத்தின் மேல் விழுந்துவிட்டது. எங்கள் அலுவலகத்திலும் அந்த மாதம் முழுக்க இதே கேள்விதான்.

மாங்குளம் அண்ணை

சரி, 520 என்கிற கணக்கு விளங்குகிறது. காசு குறைந்த கோபம் மட்டும் போகவில்லை.

முள்ளியவளைக்காரன்

என் கதை வேறு. எனக்கு மாதம் 150,000 சம்பளமும், சராசரியாக 22,000 ஓவர்டைமும் வந்தது. பதவி உயர்த்தி 165,000 ஆக்கினார்கள். எங்கள் இடத்தில் அந்தத் தரத்துக்கு ஓவர்டைம் கிடையாது. கையில் வருவது குறைந்துவிட்டது. நான் வரியைத்தான் திட்டினேன். அது சரியா பிழையா?

வவுனியா கணக்காளர்

தம்பி, உங்களுக்கு நடந்ததுதான் உண்மையான குறைவு. ஆனால் வரி கூடவில்லை, குறைந்திருக்கிறது. முன்பு 172,000க்கு 1,320 கட்டினீர்கள், இப்போது 165,000க்கு 900. ஓவர்டைமுக்குச் சேமலாப நிதி வெட்டுவதில்லை, கூடிய 15,000க்கு வெட்டுகிறார்கள். உங்கள் சம்பளம் முழுவதும் சேமலாப நிதிக்கு உட்பட்டது என்று வைத்தால் முன்பு கைக்கு 158,680, இப்போது 150,900. அந்த 7,780ஐக் கொண்டுபோனது ஓவர்டைம் இழப்பும் சேமலாப நிதியும். சேமலாப நிதிக் காசு உங்கள் பெயரில்தான் சேர்கிறது, உங்கள் 8 வீதத்தோடு முதலாளியின் 12 வீதமும் கூடுகிறது. ஆனாலும் மாதச் செலவுக்கு அது கையில் இல்லை என்பது சரிதான்.

வரிப் படிகளில் சறுக்கல் கிடையாது. ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் முழுவதும் மாறுகிற விஷயங்கள் வேறு இருக்கின்றன. ஓவர்டைம் தகுதி அப்படி. சம்பளச் சிட்டையில் 25,000க்கு மேல் வாங்கினால் ஒட்டுகிற 25 ரூபாய் முத்திரையும் அப்படித்தான்.

முள்ளியவளைக்காரன்

அப்போ அந்தப் பதவியை ஏற்றது பிழையா?

வவுனியா கணக்காளர்

அதை என்னால் சொல்ல முடியாது தம்பி. அடுத்த தர ஏற்றம் எவ்வளவு, ஓவர்டைம் வருடம் முழுக்க வருமா, அறுவடைக் காலத்தில் மட்டும் வருமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். கடிதத்தில் கையெழுத்து வைக்கும் முன் ஓவர்டைம் பற்றி எழுத்தில் கேட்டிருக்கலாம்.

கிளிநொச்சி சம்பளப் பிரிவு

எங்கள் இடத்தில் இதை இப்போது கடிதத்திலேயே போடச் சொல்லியிருக்கிறேன்.

புதுக்குடியிருப்பு தங்கச்சி

அக்கா, நீங்கள் எழுதிய 43,200ஐப் பார்த்ததும் திடுக்கிட்டேன். என் கணவருக்கும் மாதம் 240,000. போனஸ் வந்த மாதம் மாத வரிக்கு மேலே சரியாக 43,200 வெட்டியிருந்தார்கள். அப்போ அந்த மேற்பார்வையாளர் சொன்னது எங்களுக்கு நடந்திருக்கிறதே?

கிளிநொச்சி சம்பளப் பிரிவு

போனஸ் ஒரு மாதச் சம்பளம், 240,000தானே? அப்படியானால் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார்கள். போனசை ஆண்டு வருமானத்தின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். அவருடைய ஆண்டுச் சம்பளம் 2,880,000. 18 வீதப் படி 2,800,000இல் தொடங்கி 3,300,000 வரை போகும். போனசோடு சேர்ந்து 3,120,000, அதாவது போனஸ் முழுவதும் அந்தப் படிக்குள்ளேயே விழுகிறது. ஆகவே 43,200. அது அந்த மாதம் கூடுதலாக வந்த 240,000க்கான வரி, வழக்கமான சம்பளத்துக்கானது இல்லை. மிச்சம் 196,800 வந்திருக்க வேண்டும். சிட்டையில் பாருங்கள்.

புதுக்குடியிருப்பு தங்கச்சி

வந்திருக்கிறது. போனசை இரண்டு மாதமாகப் பிரித்துத் தரச் சொன்னால் குறையுமா?

கிளிநொச்சி சம்பளப் பிரிவு

ஒரே வரி ஆண்டுக்குள் என்றால் குறையாது. மொத்தம் மாறாது, வெட்டும் நாள்தான் மாறும்.