நிராகரிப்பு மின்னஞ்சலில் எது சம்பிரதாயம், எது உண்மை?

நூல்கண்டு:
“நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கியமைக்கு நன்றி. தகுதியான பலர் விண்ணப்பித்திருந்ததால் முடிவெடுப்பது எளிதாக இருக்கவில்லை. தரவுத்தள வடிவமைப்பு குறித்த தங்கள் விளக்கம் எங்களைக் கவர்ந்தது. எனினும், குழுவை வழிநடத்திய அனுபவம் கூடுதலாக உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம். தங்கள் விவரங்களை வருங்கால வாய்ப்புகளுக்காக வைத்திருப்போம்.”

பழைய தேர்வாளர்:
இத்தகைய கடிதங்களைப் பல ஆண்டுகள் அனுப்பியவன் நான். ஒரு வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் வேறொருவருக்கு அனுப்பினாலும் பொருந்துமானால், அது சம்பிரதாயம். முதல் இரண்டு வரிகளும் கடைசி வரியும் அந்த வகை; ‘எளிதாக இருக்கவில்லை’ என்பதை வைத்து, நூலிழையில் வாய்ப்பு தவறியதாக எண்ண வேண்டாம். தரவுத்தளம் பற்றிய வரியை மட்டும் நேர்காணல் குறிப்பைப் பார்க்காமல் எழுதியிருக்க முடியாது. அடுத்த வரியோ உங்கள் குறையைச் சொல்லவில்லை, இன்னொருவரிடம் இருந்த மிகுதியைச் சொல்கிறது, இரண்டும் ஒன்றல்ல.

ஐயப்பாடு:
தங்கள் அளவுகோல் பாதிதான் சரி. ஆள்தேர்வு மென்பொருள்களில் காரணங்கள் பட்டியலாகவே இருக்கும். ‘அனுபவம் கூடுதலாக உள்ளவர்’ என்பதைச் சொடுக்கினால் வரி தானாக வந்து விழும். உள்ளிருந்தே ஒருவரை எடுத்திருந்தாலும், சம்பளம் ஒத்துவராவிட்டாலும் இதே வரிதான் வரும். பதில் எழுதுவது வீண்.

மூன்றாம் சுற்று:
நான் பதில் எழுதினேன். தேர்வானவர் பணியில் சேராததால் மூன்று வாரம் கழித்து என்னையே அழைத்தார்கள். முடிவை எதிர்த்து நீங்களும் உறுதியாக எழுதுங்கள்.

பழைய தேர்வாளர்:
எதிர்த்து எழுதியதால் உங்களை அழைத்திருக்க மாட்டார்கள். அடுத்த இடத்தில் இருந்திருப்பீர்கள். ‘என்னை ஏன் எடுக்கவில்லை’ என்று கேட்டால், வழக்குக்கு அஞ்சி, பெரும்பாலும் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அனுப்புநர் முகவரி noreply என்று தொடங்கினால் விட்டுவிடலாம், ஒருவரின் பெயர் இருந்தால் இரண்டொரு நாளுக்குள் இவ்வளவு போதும்: “முடிவைத் தெரிவித்தமைக்கு நன்றி. இத்தகைய பணிக்கு எத்தனை பேர் கொண்ட குழுவை வழிநடத்தியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?” இதற்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம், தம் முடிவுக்கு வாதாடவும் வேண்டியதில்லை. ‘பட்டியலில் சொடுக்கிய வரி’ என்ற ஐயத்தை என்னால் முழுதாக மறுக்க இயலாது. நூல்கண்டு, நேர்காணலில் வழிநடத்துதல் பற்றி ஏதேனும் கேட்டார்களா?

நூல்கண்டு:
விளம்பரத்தில் அந்தச் சொல்லே இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தில், “உங்களுக்குக் கீழ் எத்தனை பேர் வேலை செய்தார்கள்?” என்று கேட்டார்கள். இருவருக்குப் பயிற்சி அளித்தேன் என்றேன், குறித்துக்கொண்டார்கள்.

பழைய தேர்வாளர்:
அப்படியானால் அந்த வரியை நம்பலாம். கேள்வியை அனுப்புங்கள்.

ஐயப்பாடு:
விளம்பரத்தில் இல்லாத தகுதி கடைசி ஐந்து நிமிடத்தில் முளைத்ததென்றால், வேறொருவரைப் பார்த்த பிறகு அதைச் சேர்த்திருக்கிறார்கள் என்றும் கொள்ளலாமே.