கண்காட்சியில வாங்குன 140 கார்டு, பதிலே வரல – உதவி வேணும்

கணபதி பேக்கிங்: அவசரம்ங்க. சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துல 3 நாள் பேக்கிங் மெஷின் ஸ்டால் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி கோவை வந்து சேர்ந்தோம். கையில 140 விசிட்டிங் கார்டு இருக்குது. செவ்வாய்க்கிழமை எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல கேட்லாக் அனுப்பிட்டேன். இன்னிக்கு வியாழன், பதில் போட்டது 3 பேருதான். அடுத்து என்ன பண்றதுங்க?

ஈரோடு ராஜி: என்ன மெஷின் விக்கிறீங்க? தனித்தனியா அனுப்புனீங்களா, பிராட்காஸ்ட்டா? ஒரு டிக் விழுந்திருக்கா, ரெண்டா?

வால்வு மூர்த்தி: கேட்லாக் மட்டும் போனா யாரும் அசைய மாட்டாங்க. கண்காட்சி விலைன்னு 10 சதவீதம் குறைச்சு, 7 நாள்தான்னு கெடு வச்சு இன்னிக்கே அனுப்புங்க.

பழைய பட்டறை: முப்பது வருஷமா ஸ்டால் போடுறேன், எல்லாரும் இதே தப்பைத்தான் பண்றீங்க. கார்டு பின்னாடி என்ன எழுதினீங்க தம்பி? எழுதலைன்னா அது வெறும் அட்டை. முதல் நாளே எழுதிப் பழகியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கணபதி பேக்கிங்: மசாலா, பவுடர் பாக்கெட் போடுற மெஷின்ங்க. பிராட்காஸ்ட்தான். முக்காவாசிப் பேருக்கு ஒரே டிக். கூட்டத்துல எழுத முடியல, நோட்டுல ஒரு 20 பேரோட விவரம் மட்டும் இருக்குது.

ஈரோடு ராஜி: அதான் காரணம். உங்க நம்பரை போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். ஸ்டால்ல கார்டு நீட்டுனவர் உங்க நம்பரை எங்க சேவ் பண்ணியிருக்கப் போறார்? அவங்க உங்களை ஒதுக்கலைங்க, முக்காவாசிப் பேர் பார்க்கவே இல்ல. அதையே மறுபடி எல்லாருக்கும் அனுப்பாதீங்க. நாலு பேர் ஸ்பேம்னு ரிப்போர்ட் பண்ணுனா நம்பரே முடங்கிப் போகலாம்.

இன்னிக்கு ஸ்டால்ல நின்ன பசங்களை உக்கார வச்சு, கார்டை ஒவ்வொண்ணா மேஜையில போடுங்க. "இவர் எந்த மெஷின் முன்னாடி நின்னாரு, என்ன கேட்டாரு?" இது ரெண்டுதான் கேள்வி. உங்க போன்ல இருக்கற ஸ்டால் போட்டோவுல நேரம் இருக்கும், அதுவும் ஞாபகத்தைக் கிளறும். நாங்க கன்வேயர் பண்றோம். போன தடவை எங்களுக்கு வந்த 90 கார்டுல, எத்தனை அடி, எத்தனை கிலோன்னு கேட்டவங்க 14 பேருதான். முதல்ல அவங்களுக்கு மட்டும் போன் பண்ணினோம், மத்தவங்களுக்கு மெயில் போட்டோம். ஒரு வாரம் தாண்டினா பசங்களுக்கும் மறந்துரும், வந்தவருக்கும் மறந்துரும்.

சேலம் சரவணன்: கார்டை ஸ்கேன் பண்ண எந்த ஆப் நல்லது? எங்கிட்ட 600 கார்டு சேர்ந்து கிடக்கு.

நெல்லை மசாலா: நான் வாங்குற பக்கம் நிக்கறவன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கண்காட்சியில 11 ஸ்டால் ஏறி இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும் ஒரே மாதிரி கேட்லாக் ஏழு வந்துச்சு, எது யாருதுன்னே தெரியல. ஒருத்தர் மட்டும் மூணாம் நாள் போன் பண்ணி, "அண்ணாச்சி, மிளகாய்த்தூள் 50 கிராம் பாக்கெட், சீல்ல தூள் ஒட்டிக் கசியுதுன்னு சொன்னீங்களே, 5 கிலோ தூளும் உங்க பிலிம் ரோலும் அனுப்புங்க, எங்க மெஷின்ல ஓட்டி வீடியோ அனுப்புறோம்"னார். அனுப்பினேன். 20 பாக்கெட்டை வரிசையா எடை போட்டுக் காட்டினார், சீலை இழுத்துக் காட்டினார். ஆர்டர் கொடுக்க ரெண்டு மாசம் ஆச்சு, ஆனா அவருக்குத்தான் கொடுத்தேன்.

வால்வு மூர்த்தி: அப்பவும் விலை கேட்டிருப்பீங்கள்ல? முதல் போன்லயே விலை சொல்லணும்.

பழைய பட்டறை: எந்தத் தூள், எத்தனை கிராம், நிமிஷத்துக்கு எத்தனை பாக்கெட்னு தெரியாம என்ன விலை சொல்லுவீங்க? தூளுக்கு ஆகர் பில்லர் வேணும், கடுகு சீரகத்துக்கு கப் போதும். ரெண்டுக்கும் விலை வேற. வால்வு விக்கிற மாதிரி இல்லைங்க இது.

வால்வு மூர்த்தி: வால்வுலயும் சைஸ், பிரஷர்னு ஆயிரம் இருக்கு சார். இத்தனைல இருந்து இத்தனை வரைக்கும்னாவது சொல்லலைன்னா, சொல்றவன்கிட்ட போயிருவாங்க.

நெல்லை மசாலா: மூர்த்தி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எனக்கு அன்னைக்கு ஒரு தோராயம் சொன்னார், அதனாலதான் பார்சலே போட்டேன். தள்ளுபடின்னு கெடு வச்சவங்களுக்கு நான் பதிலே போடல.

ஈரோடு ராஜி: கணபதி, போன் எடுக்கலைன்னா தனி மெசேஜ் போடுங்க. முதல் வரியில உங்க கம்பெனி பேர் வேண்டாம், அவர் சொன்ன விஷயம் வரட்டும்: "சனிக்கிழமை மஞ்சள்தூள் 100 கிராம் பாக்கெட் பத்திக் கேட்டீங்க." நோட்டிபிகேஷன்ல தெரியறது அந்த ஒரு வரிதான். கேட்லாக்குக்குப் பதிலா அந்த ஒரு மெஷின் ஓடற வீடியோ போதும்.

கணபதி பேக்கிங்: (வெள்ளி இரவு) நோட்டுல 20, பசங்க ஞாபகத்துல இன்னும் 11. இன்னிக்கு 16 பேருக்கு போன் பண்ணினேன், 9 பேர் பேசினாங்க. ரெண்டு பேர் தூள் அனுப்புறாங்க, ஒண்ணு கரம் மசாலா, ஒண்ணு சத்துமாவு. ஒருத்தர் ஸ்டால்ல அரை மணி நேரம் நின்னு பேசினவர், செவ்வாய்க்கிழமையே வேற இடத்துல அட்வான்ஸ் கொடுத்துட்டாராம். மீதிப் பேருக்கு நாளைக்குப் பண்றேன்ங்க.