புளொக் கல் இயந்திரத்தின் பெறுமதி இழப்பு: புது அச்சின் வருமானத்தைச் சேர்க்கலாமா?

கணக்காளர் உறவுகளுக்கு வணக்கம். கோப்பாயில் உள்ள ஒரு கம்பனியின் 31.03.2025 கணக்கில் சிக்கி நிற்கிறேன். கட்டட வேலை குறைந்து, அடுக்கிய கல்லில் பாசி படர்ந்திருக்கு.

இயந்திரம் 2021 ஏப்ரலில் 60 இலட்சத்துக்கு வாங்கினது. ஆயுள் 10 வருடம், நேர்கோட்டுத் தேய்வு, இறுதிப் பெறுமதி இல்லை. இப்ப ஏட்டுப் பெறுமதி 36 இலட்சம்.

விலை கேட்டுப் பார்த்தேன்: 25 இலட்சம். கழற்றி ஏற்றும் செலவு 1.5 இலட்சம் போக 23.5. பயன்பாட்டுப் பெறுமதிக்கு, மிச்சம் 6 வருடமும் வருடத்துக்கு 7 இலட்சம் தேறிய காசு, வரிக்கு முன் கழிவு வீதம் 14%: சுமார் 27.22 இலட்சம். கூடினது இதுதான், ஆகவே இழப்பு 8.78 இலட்சம். அடுத்த வருடம் தேய்வும் 27.22ஐ 6ஆல் பிரித்துத்தான்.

முதலாளி இன்டர்லொக் கல் அச்சுக்கு மார்ச்சிலேயே முற்பணம் கட்டிட்டார். அச்சு இன்னும் வரவில்லை. அந்த வருமானத்தைச் சேர்த்தால் இழப்பே இல்லை என்கிறார். எல்.கே.ஏ.எஸ் 36 சொத்தை இப்போதைய நிலையில் மதிக்கச் சொல்லுது, மேம்பாட்டுச் செலவு நடக்கும்வரை அதன் வரவை எடுக்க விடாது. அதனால் நான் சேர்க்கவில்லை.

முற்பணம் மட்டும் கட்டிய நிலையில் அந்த வரவைச் சேர்க்க இடமிருக்கா?