509 பக்க முதல் நாவல்: எங்கே வெட்டினோம், எதைத் தொடவில்லை

மெய்ப்புத் திருத்துபவர், சுங்கை சிப்புட்

சென்ற ஆண்டு எங்கள் ஊர்த் தங்கை ஒருவர் தம் முதல் நாவலின் கைப்பிரதியை என்னிடம் கொடுத்து, "அண்ணா, இது நீளமா, இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டார். 41 அத்தியாயங்கள், 1,12,000 சொற்கள். பக்கத்துக்கு ஏறத்தாழ 220 சொற்கள் என்று வைத்தால் அச்சில் 509 பக்கங்கள் வரும். 1960களின் தொடக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் துண்டாடி விற்கப்படுகிறது; விற்பனைச் செய்தி பிரட்டுக்களத்துக்கு வந்த நாளிலிருந்து முனியம்மாளின் குடும்பம் லயத்தைக் காலி செய்யும் நாள் வரை ஏழு மாதங்கள். கதை அவ்வளவுதான். முக்கியமானவர்கள் மூன்றே பேர்: முனியம்மாள், அவள் கணவன், மாமியார்.

சொல் எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நோட்டில் அத்தியாய எண், சொற்களின் எண்ணிக்கை, அந்த அத்தியாயம் முடியும்போது யாருக்கு என்ன மாறியிருக்கிறது என்று மூன்று கட்டங்கள் போட்டு, இரண்டு வாரம் உட்கார்ந்து நிரப்பினேன். ஒன்பது அத்தியாயங்களுக்கு மூன்றாவது கட்டம் வெறுமையாகவே நின்றது. அதைவிடப் பெரிய சிக்கல் தொடக்கத்தில் இருந்தது. முதல் ஆறு அத்தியாயங்கள், அதாவது 19,000 சொற்கள், தாத்தா கப்பலேறி வந்த கதையைச் சொல்லின. விற்பனைச் செய்தி ஏழாவது அத்தியாயத்தில்தான் வருகிறது. ஏழு மாதக் கதைக்கு நாற்பது ஆண்டு முன்கதையை வாசலிலேயே வைத்தால், வாசகர் தாத்தாவைக் கதைநாயகராக எண்ணிப் பழகிவிடுவார். பிறகு முனியம்மாள் வரும்போது அவரை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறோம்.

இப்படிப்பட்ட கைப்பிரதியைப் படித்தவர்களும் எழுதியவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

கிராணி மகன், லூனாஸ்

ஆங்கிலப் பதிப்பாளர்கள் முதல் நாவலுக்கு 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை எதிர்பார்ப்பதாகப் படித்திருக்கிறேன். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறைந்துவிடும். "போய்க்கொண்டிருந்தவனிடம்" என்பது நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு ஐந்தாறு சொற்கள். ஆகவே தமிழ் முதல் நாவல் 60,000 சொற்களைத் தாண்டக்கூடாது என்பது என் கணக்கு. என் கைப்பிரதியை அந்த அளவுக்குச் சுருக்கியபோது, கள்ளுக்கடைச் சண்டை அத்தியாயம் முழுவதும் போய்விட்டது. அதன்பின் கதாநாயகன் ஏன் ஊரை விட்டு ஓடினான் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆயினும் எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

மெய்ப்புத் திருத்துபவர், சுங்கை சிப்புட்

ஐயா, சொற்கள் ஒட்டுவதைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆங்கில எண்ணிக்கையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர இயலாது என்பதற்கு அதுவே காரணம். ஆனால் அதே காரணத்தால் 60,000 என்று ஒரு கோடு கிழிக்கவும் முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. பேச்சு மிகுந்த நாவலில் சொற்கள் சிறியனவாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் இருக்கும். உங்கள் நண்பர்கள் "ஏன் ஓடினான்" என்று கேட்கிறார்கள் என்றால், மூன்றாவது கட்டம் நிரம்பியிருந்த ஓர் அத்தியாயத்தை நீங்கள் நீக்கியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைத் திரும்பச் சேருங்கள்.

செம்பனைக்காரர், தெலுக் இந்தான்

நானும் இதே சிக்கலைச் சந்தித்தேன். எழுத்தின் அளவை 12இலிருந்து 10ஆகக் குறைத்து, ஓரங்களையும் சுருக்கினேன். 430 பக்கம் 340 ஆயிற்று. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம் என்பதால் செலவும் இறங்கியது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கோல சிலாங்கூர்

தம்பி, அது காகிதத்துக்குச் செய்த சிக்கனம். கேட்கப்பட்டது கதையின் நீளம். என் வயதுக்காரர்களை நினைத்து எழுத்தைப் பழையபடி பெரிதாக்குங்கள்.

எனக்கு நேர்ந்தது தலைகீழ். மூன்று தலைமுறைக் கதையை 38,000 சொற்களில் முடித்துவிட்டேன். படித்தவர்கள் அனைவரும் "விறுவிறுப்பாக இருக்கிறது" என்றார்கள்; ஒருவருக்கும் இரண்டாம் தலைமுறையில் யாருடைய பெயரும் நினைவில் இல்லை. திருமணம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாவற்றையும் "அடுத்த ஆண்டு" என்று தொடங்கும் வாக்கியங்களில் கடந்திருக்கிறேன் என்பதை அப்போதுதான் கண்டேன். இதை விரிப்பதா, ஒரே தலைமுறையோடு நிறுத்துவதா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

மெய்ப்புத் திருத்துபவரிடம் ஒரு கேள்வி. வெறுமையாக நின்ற ஒன்பது அத்தியாயங்களையும் தூக்கிவிட்டீர்களா?

மெய்ப்புத் திருத்துபவர், சுங்கை சிப்புட்

இல்லை அம்மா. நான்கை முழுமையாக நீக்கினோம். ஐந்தை இரண்டாகச் சேர்த்தோம். அந்த ஐந்தில் மூன்று, மாமியாருக்கும் முனியம்மாளுக்கும் நடக்கும் சச்சரவு: ஒன்று தண்ணீர்க் குழாயடியில், ஒன்று அடுப்படியில், ஒன்று ஆயாக் கொட்டகை வாசலில். மூன்றும் ஒரே வேலையைச் செய்தன. அடுப்படிக் காட்சி கூர்மையாக இருந்ததால் அதை வைத்துக்கொண்டு, குழாயடியில் வந்த நல்ல வசனம் ஒன்றை அதற்குள் கொண்டுவந்தோம். நீக்கிய நான்கில் ஒன்று, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எப்படித் தொடங்கப்பட்டது என்பதை விளக்கும் கட்டுரை. துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்க எழுந்த சங்கம் ஆதலால் கதைக்கு அது தேவைதான். ஆனால் பங்குப் பணம் கட்ட வேண்டும் என்று கணவனும், அந்தக் காசை மகளின் காதணிக்கு வைக்க வேண்டும் என்று மாமியாரும் மோதும் ஒரு பக்கத்தில் அது முழுவதும் வந்துவிட்டது. இவற்றால் 14,000 சொற்கள் குறைந்தன. தாத்தாவின் 19,000 சொற்களில் 2,500 மட்டும், முனியம்மாளுக்கு அவர் நினைவு வரும் இடங்களில் பிரித்து வைக்கப்பட்டன.

எஞ்சியது 81,500. அதன் பிறகே வாக்கியங்களைத் தொட்டோம். நீக்கப்போகும் அத்தியாயத்தின் வாக்கியங்களைச் செதுக்குவதில் ஒரு மாதத்தை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் இடத்தை அப்படியே தருகிறேன்:

"முனியம்மா வாளியைக் கீழே இறக்கினாள். அவளுடைய மனம் கனத்தது. இனி இந்த மரங்களைத் தான் வெட்டப்போவதில்லை என்பதை நினைத்து அவள் மிகவும் வேதனைப்பட்டாள். கடைசி மரத்தின் மங்கைக் கவிழ்த்து வைத்தாள்."

நடுவில் உள்ள இரண்டு வாக்கியங்களை எடுத்துவிட்டோம். 22 சொற்கள் 9 ஆயின. பால் வெட்டுபவர் மரத்தில் பால் ஏந்தும் கிண்ணமான மங்கைக் கவிழ்க்கிறார் என்றால் அந்த மரத்தில் வேலை முடிந்தது என்பது தோட்டத்து வாசகருக்குத் தெரியும். தெரியாதவருக்கும் "கடைசி" என்ற சொல் அதை உணர்த்திவிடுகிறது. செயலைக் காட்டிய பின் மனநிலையை விளக்கும் இவ்வகை வாக்கியங்களே முதல் நாவல்களில் மிகுதியாகக் கிடைக்கின்றன. இவற்றை மட்டும் தேடி எடுத்ததில் 7,500 சொற்கள் போய், 74,000இல் நின்றது. பக்கக் கணக்கில் ஏறத்தாழ 340.

பழைய பால்வெட்டுத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

அந்தத் தங்கையின் கைப்பிரதியை நானும் படித்தவன். தாத்தா அத்தியாயங்களில் 1942, 43இல் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துச் சென்ற பகுதி இருந்ததே, அதையும் எடுத்துவிட்டீர்களா? என் தந்தையார் அங்கிருந்து திரும்பவில்லை. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கதையின் நீளத்துக்காக அந்தப் பக்கங்களைக் குறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மெய்ப்புத் திருத்துபவர், சுங்கை சிப்புட்

ஐயா, மாமியாரின் முதல் மகன் அங்குதான் இறந்தான் என்பதும், அதனால்தான் அவர் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்க மறுக்கிறார் என்பதும் நாவலில் இருக்கின்றன. மற்ற 4,000 சொற்கள் இப்போது நாவலில் இல்லை. தனிக் கோப்பில் இருக்கின்றன. அவற்றைத் தனி நூலாக எழுத வேண்டும் என்று நான் சொன்னேன், தங்கை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் உங்கள் வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியை உங்களுக்கு வாசித்துக் காட்ட விரும்புகிறார். நானும் உடன் வருகிறேன்.