90 நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடும்?

நேரடி விற்பனை: பார்ட்னருக்கும் கம்பெனி ஆளுக்கும் சண்டை வருவது பார்ட்னரின் சோம்பலால்தான். யாருக்கு விற்கப்போகிறார் என்று கம்பெனியிடம் டீலைப் பதிவு செய்தால், அந்த வாடிக்கையாளரிடம் கம்பெனி ஆளோ வேறு டீலரோ குறுக்கே வராதபடி 90 நாள் பாதுகாப்பு. அதற்குள் முடிக்கத் தெரியாதவர் ரீசெல்லர் தொழிலுக்கே வர வேண்டாம்.

திருப்பூர் டீலர்: சோம்பலா? ஒரு பனியன் கம்பெனிக்கு, கணக்கு முதல் உற்பத்தி வரை ஒன்றாகப் பார்க்கும் ஈஆர்பி மென்பொருள் விற்க ஜனவரி 4 அன்று பதிவு செய்தேன். உங்களைப் போன்ற ஒரு கம்பெனி ஒப்புதல் தந்தது ஜனவரி 19. மூன்று முறை டெமோ காட்டினேன். கட்டிங் பிரிவு மேஸ்திரிக்குத் தனியாக ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். "புதுக் கணக்கு வருஷம் பிறக்கட்டும்" என்றார் முதலாளி. ஏப்ரல் 4 அன்று பதிவு காலாவதி. 6-ஆம் தேதி கம்பெனி ஆளே அவருக்குப் போன் போட்டு 25% தள்ளுபடி கொடுத்தார்.

கணக்கைப் பாருங்கள். லைசன்ஸ் 4 லட்சம். என் மார்ஜின் 20%, பதிவு இருந்தால் இன்னும் 8%. பதிவு போனதும் என் கொள்முதல் விலை 3,20,000. அவர் வாடிக்கையாளருக்கே 3,00,000-க்குக் கொடுத்தார். நான் வாங்கும் விலையைவிடக் குறைவு! ஒப்புதல் தேதியிலிருந்து எண்ணியிருந்தால் ஏப்ரல் 19 வரை டீல் என்னுடையது.

நேரடி விற்பனை: பதிவுத் தேதி என்றால் பதிவு செய்த தேதிதான். படித்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்? நீட்டிப்பு ஏன் கேட்கவில்லை?

திருப்பூர் டீலர்: மார்ச் 28 அன்று மெயில் அனுப்பினேன். வருஷக் கடைசி, யாரும் பதில் போடவில்லை. 15 நாள் உங்கள் மேஜையில் தூங்கியதற்கு என் கணக்கில் ஏன் கழிக்கிறீர்கள்?

புது ரீசெல்லர்: மார்ஜின் கிடக்கட்டும், பயிற்சியைப் பற்றிப் பேசுங்கள். சான்றிதழ் வாங்கிய இருவர் இருந்தால்தான் அடுத்த நிலை என்றார்கள். இரண்டு பையன்களை ஐந்து நாள் அனுப்பினேன். தங்கும் செலவும் சம்பளமும் என்னுடையது. நான்காவது மாதம் ஒருவனை அந்தக் கம்பெனியே வேலைக்கு எடுத்துக்கொண்டது. என் நிலையும் இறங்கிவிட்டது.

திருப்பூர் டீலர்: அதற்குத் தனியாக ஒரு திரி தொடங்குங்கள் தம்பி. இங்கே கேள்வி 4-ஆம் தேதியா, 19-ஆம் தேதியா என்பது.

பழைய சேனல் மேனேஜர்: இருவரும் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அந்த ஆள் ஏன் போன் போட்டார்? டீலர் விற்றால் அவருடைய டார்கெட்டில் ஒரு ரூபாய்கூட ஏறாது. நான் இருந்த இடத்தில், ஏரியாவில் பார்ட்னர் முடித்த டீலையும் விற்பனை ஆளின் டார்கெட்டில் முழுசாகச் சேர்த்தோம். அதற்கு அப்புறம் அவரே டீலரின் டெமோவுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போனார். கம்பெனிக்கு இரட்டைச் செலவு, மறுக்கவில்லை. அதனால் பெரிய வாடிக்கையாளர்களின் பெயரை வருஷ ஆரம்பத்திலேயே நேரடிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மீதி எல்லாம் பார்ட்னருக்கு என்று பிரித்தோம். நேரடி விற்பனையிலேயே வளர்ந்த டெல், 2007 டிசம்பரில் பார்ட்னர்டைரக்ட் திட்டத்தோடு டீலர்களிடம் வந்தபோது அவர்களை நம்பவைக்க டீல் பதிவைத்தான் முன்னே வைத்தது. ஆனால் பதிவு மட்டும் இருந்து, டார்கெட் கணக்கு மாறாவிட்டால் 180 நாள் கொடுத்தாலும் 181-ஆம் நாள் போன் வரும்.

நேரடி விற்பனை: டீலர் பக்கமும் கொஞ்சம் பாருங்கள் சார். சங்கத்தின் முகவரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே இரவில் 40 பெயர் பதிவு செய்த ஆளை எனக்குத் தெரியும். ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகப் போன் போட்டு விசாரிப்பதால்தான் 15 நாள் ஆகிறது.

பழைய சேனல் மேனேஜர்: அது உண்மை. அதனால்தான் யாரைச் சந்தித்தார், என்ன கேட்டார்கள் என்று நான்கு வரி எழுதாத பதிவை நாங்கள் ஏற்கவில்லை. பதிவைக் கம்பெனிப் பெயரில் வாங்காமல் ஜிஎஸ்டி எண்ணில் வாங்கினோம். ஒரே முதலாளிக்கு மூன்று பெயரில் கம்பெனி இருக்கும். தங்கை கம்பெனி பெயரில் இன்னொருவர் பதிவு செய்துவிட்டு வருவார். மூன்று எண்ணையும் ஒரே பதிவில் கேட்டு வாங்கினால்தான் அந்த ஓட்டை அடைபடும்.

திருப்பூர் டீலர்: 40 பெயர் போட்டவன் நானில்லை. நான் போட்டது ஒரே பெயர், ஜிஎஸ்டி எண்ணோடு. ஜனவரி 4 முதல் 19 வரை எனக்குப் பாதுகாப்பு இருந்ததா, இல்லையா? அந்த 15 நாளில் வேறு டீலர் அதே எண்ணைப் பதிவு செய்திருந்தால் யாருக்குக் கொடுத்திருப்பீர்கள்?

நேரடி விற்பனை: முதலில் ஒப்புதல் பெற்றவருக்கு.

திருப்பூர் டீலர்: அதாவது பாதுகாப்பு தொடங்குவது 19-ஆம் தேதி, காலாவதி எண்ணுவது மட்டும் 4-ஆம் தேதியிலிருந்து. நீங்களே எழுதிவிட்டீர்கள்.

நேரடி விற்பனை: வார்த்தையைத் திருப்பாதீர்கள். ஒப்பந்தத்தில் உள்ளதைத்தான் சொன்னேன்.

புது ரீசெல்லர்: என் பையனைத் திருப்பி அனுப்புவார்களா?

திருப்பூர் டீலர்: ஒப்பந்தத்தில் 'பதிவு' என்று மட்டும்தான் இருக்கிறது. 'சமர்ப்பித்த தேதி' என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பக்க எண்ணைச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.