ஹசாப் ஷீட்: ரிவர்ஸ் ஃப்ளோவுக்கு என்ஆர்வி இருக்கிறதே, ஏன் திருப்பி அனுப்பினார்கள்? (அவசரம்)

கார்த்திக்_கெம்
வணக்கம். முதல் தடவையாக ஹசாப் ஷீட் எழுதுகிறேன், ஆலையில் எது எப்படித் தவறலாம் என்று வரிவரியாக யோசிக்கும் தாள். நோட், அதாவது ஆய்வுக்கு எடுத்த பகுதி: டொலுவீன் தொட்டியிலிருந்து பம்ப் வழியாக ரியாக்டர் வரை. நான் எழுதியது இது:

நோ ஃப்ளோ: காரணம் பம்ப் ட்ரிப். விளைவு: ரியாக்டருக்கு டொலுவீன் வராது, ஆபத்து இல்லை.
லெஸ் ஃப்ளோ: ஸ்ட்ரெய்னர் அடைப்பு. விளைவு: சார்ஜ் ஆக நேரமாகும், ஆபத்து இல்லை.
ரிவர்ஸ் ஃப்ளோ: பம்ப் டெலிவரியில் திரும்பி ஓடவிடாத வால்வான என்ஆர்வி உள்ளது, பொருந்தாது.

தலைவர் மூன்றையும் சுழித்து "யோசித்து எழுது" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். நாளைக்கு மறுபடி உட்காருகிறோம். என்ன தப்பு?

ரேவதி_ப்ராசஸ்
ரியாக்டரில் அழுத்தம் எவ்வளவு? தொட்டி எந்த வகை? பேட்சா, தொடர் ஓட்டமா? டொலுவீன் போகும் நேரத்தில் ரியாக்டருக்குள் வேறு என்ன இருக்கிறது? இவை தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

ஹரி_மெயின்டனன்ஸ்
ஸ்ட்ரெய்னர் அடைப்பு என்றால் மெஷ் அளவைப் பாருங்கள் தம்பி. எங்கள் ஆலையிலும் இதே தொல்லை இருந்தது. சக்‌ஷனில் மெஷ் மிக நைசாகப் போட்டிருந்தார்கள், மாற்றியதும் சரியாகிவிட்டது. டிஃபரன்ஷியல் கேஜ் இருக்கிறதா?

ரேவதி_ப்ராசஸ்
ஹரி சார், அவர் லைனில் அடைப்பு ஏற்படவில்லை. ஏற்பட்டால் என்ன ஆகும் என்று காகிதத்தில் யோசிக்கிறார்.

மூத்தவன்_61882
ஹசாப்புக்கான ஐஇசி 61882 தரநிலையைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால் இழை பாதியாகக் குறையும். ரிவர்ஸ் ஃப்ளோவுக்கு "பொருந்தாது" என்று எழுதுகிறவரை எந்தக் குழுவிலும் நான் பேனா பிடிக்க விடமாட்டேன்.

சுந்தர்_பைப்பிங்
என் கருத்து, நோட் பெரிதாகிவிட்டது. தொட்டி முதல் ரியாக்டர் வரை ஒரே நோட் போட்டால் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். பம்ப் சக்‌ஷன் வரை ஒன்று, டெலிவரி ஒன்று என்று பிரித்தால் எல்லாம் தானாகச் சரியாகும்.

கார்த்திக்_கெம்
பேட்ச்தான். தொட்டி சாதாரண கூம்புக்கூரை, ப்ரீதர் வால்வு மட்டும். டொலுவீன் இரண்டு முறை சார்ஜ் ஆகும். முதல் முறை ரியாக்டர் காலி, வெண்ட் திறந்திருக்கும். இரண்டாவது முறை கேட்டலிஸ்ட் போட்ட பிறகு, 60 டிகிரியில், நைட்ரஜன் 2.5 பார். டிப் பைப் வழியாகத்தான் உள்ளே போகிறது.

ரேவதி_ப்ராசஸ்
இந்த இரண்டாவது சார்ஜ்தான் கேள்வியே. நோட்டைப் பிரிப்பதால் இது தெரிய வராது சுந்தர். குழாய் ஒன்றே என்றாலும், பேட்ச்சில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நோ, லெஸ், ரிவர்ஸ் என்ற கைடு வேர்டுகளை மறுபடி கேட்க வேண்டும். முதல் சார்ஜில் ரிவர்ஸ் ஃப்ளோவைத் தள்ள அழுத்தமே இல்லை. இரண்டாவதில் இருக்கிறது.

கார்த்திக், அந்த வரியை என்ஆர்வி இல்லை என்று வைத்து எழுதிப் பாருங்கள். சார்ஜ் நடுவே பம்ப் ட்ரிப் ஆகிறது, சார்ஜ் வால்வு திறந்தே இருக்கிறது. ரியாக்டரில் 2.5 பார், தொட்டியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. டிப் பைப் திரவத்துக்குள் முங்கியிருப்பதால் முதலில் கேட்டலிஸ்ட் கலந்த சூடான டொலுவீன் தொட்டிக்குத் திரும்பும். திரவ மட்டம் பைப்பின் நுனிக்குக் கீழே இறங்கியதும் நைட்ரஜன் பின்தொடரும். கூம்புக்கூரைத் தொட்டிகள் தாங்குவது பொதுவாக மில்லிபார் கணக்கு. 2.5 பார் என்றால் 2500 மில்லிபார். ப்ரீதர் வால்வின் அளவைப் பம்ப் ஏற்றி இறக்கும் வேகத்துக்கும் வெயில் ஏற்ற இறக்கத்துக்கும்தான் கணக்கிடுவார்கள், இப்படி வாயு பாய்வதற்கு அல்ல. கூரை மடிப்பு பிளக்கலாம், டொலுவீன் ஆவி வெளியே வரும். இதுதான் விளைவுப் பத்தியில் வர வேண்டும். என்ஆர்வி அடுத்த பத்தியில், பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் வரும். முதலிலேயே அதைக் கணக்கில் எடுத்ததால்தான் "பொருந்தாது" என்று வந்தது.

வால்வு_பாஸ்கர்
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் என்ஆர்வியை இவ்வளவு குறைத்துப் பேச வேண்டாம். ஸ்விங் டைப் என்றால் அடைக்கும் நம்பிக்கை குறைவு, உண்மை. ஸ்பிரிங் டைப் இரண்டைத் தொடராகப் போட்டால் நல்ல பாதுகாப்புதான்.

மூத்தவன்_61882
இரண்டா? ஒரே திரவத்தில், ஒரே தூசியில் இரண்டும் சேர்ந்தே சிக்கும்.

வால்வு_பாஸ்கர்
அதற்காகத்தான் வேறு வேறு வகை போடச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் ஷட்-ஆஃப் வால்வும் இன்டர்லாக்கும் வைத்தால் அவையும் பழுதாகும், அவற்றையும் சோதிக்க வேண்டும்.

மூத்தவன்_61882
சோதிக்க முடியும் என்பதுதான் வித்தியாசம். என்ஆர்வியை யார் கழற்றிப் பார்க்கிறார்கள்?

வால்வு_பாஸ்கர்
நாங்கள் பார்க்கிறோம். ஷட்டவுனுக்கு ஷட்டவுன் பதிவேட்டில் இருக்கிறது. எல்லா ஆலையையும் ஒரே அளவில் எடை போடாதீர்கள்.

ரேவதி_ப்ராசஸ்
இருவரும் சொல்வதில் கார்த்திக்குக்கு வேண்டியது ஒரு கேள்விதான்: உங்கள் பராமரிப்புப் பட்டியலில் அந்த என்ஆர்வி இருக்கிறதா? இல்லையென்றால் அதை நம்பி எதுவும் எழுத வேண்டாம். பம்ப் நின்றால் சார்ஜ் வால்வு தானே மூடும் ஏற்பாட்டைப் பரிந்துரையாக வையுங்கள். என்ஆர்வியும் அங்கேயே இருக்கட்டும்.

மற்ற இரண்டு வரிகளுக்கும் வருகிறேன். லெஸ் ஃப்ளோவில் நீங்கள் சொன்னது பாதி சரி. அளவு மீட்டர் குறித்த அளவைக் காட்டும்வரை சார்ஜ் ஓடும் என்றால், ஓட்டம் குறைந்தால் நேரம்தான் கூடும். நீங்கள் கேட்க வேண்டியது குறைந்த அளவு: மீட்டர் தவறாக அதிகம் காட்டினால்? டொலுவீன்தான் வினை வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது என்றால், அது குறைவாக உள்ளே போனதை யாரும் கவனிக்காமல் அடுத்த பொருளைச் சேர்த்துவிடுவார்கள். சுத்தமாக வரவில்லை என்றால் ஆபரேட்டருக்கு உடனே தெரியும். பாதி வந்தால் தெரியாது. லெவல் காட்டி எதைக் காட்டுகிறது, யார் ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

நோ ஃப்ளோவில் காரணத்தைப் பம்ப் ட்ரிப்போடு நிறுத்திவிட்டீர்கள். பம்ப் ஓடும்போதே டெலிவரி வால்வு மூடியிருந்தாலும் நோ ஃப்ளோதான். அங்கே விளைவு ரியாக்டரில் அல்ல, பம்பில். உள்ளே சிக்கிய டொலுவீன் சூடேறும், சீல் போகும், கசியும். அதன் ஃப்ளாஷ் பாயின்ட் 4 டிகிரி அளவில், நம் ஊர் வெயிலில் எந்த நேரமும் தீப்பற்றத் தயார். ஒரே கைடு வேர்டு, காரணம் மாறினால் விளைவு நடக்கும் இடமே மாறுகிறது. அதனால் காரணத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.

மூத்தவன்_61882
மேடம் சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தொட்டிக்குள் வரக்கூடாத பொருள் வந்தால் என்ன ஆகும் என்பதை ரிவர்ஸ் ஃப்ளோவோடு நிறுத்தாதீர்கள். 1984-ல் போபாலில் எம்ஐசி தொட்டிக்குள் போனது தண்ணீர். உங்கள் தொட்டிக்குக் கேட்டலிஸ்ட் வந்தால் அடுத்த பேட்ச்சின் முதல் சார்ஜிலேயே அது ரியாக்டருக்குப் போகும். கூடவே வேறு பொருளும் வந்தால் என்று கேட்கும் "ஆஸ் வெல் ஆஸ்" வரியில் அதையும் எழுதுங்கள்.

சுந்தர்_பைப்பிங்
நோட் பிரிப்பது பற்றி நான் சொன்னதை யாரும் கேட்கவே இல்லை. டெலிவரி வால்வு மூடியிருக்கப் பம்ப் ஓடும் டெட்ஹெட்டின் விளைவு பம்பில் என்று மேடமே சொல்கிறார், பம்ப் தனி நோட்டாக இருந்தால் அது முதலிலேயே தெரிந்திருக்கும்.

ரேவதி_ப்ராசஸ்
தெரிந்திருக்கலாம். ஆனால் காரணத்தைத்தான் நோட்டுக்குள் தேடுவோம், விளைவு எங்கே நடந்தாலும் எழுத வேண்டும். நோட்டைச் சிறிதாக வெட்டினால் சிலர் விளைவையும் அங்கேயே வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பயம் எனக்கு உண்டு.

கார்த்திக்_கெம்
எல்லோருக்கும் நன்றி. மெயின்டனன்ஸில் கேட்டேன், அந்த என்ஆர்வி எந்தப் பட்டியலிலும் இல்லை. மூன்று வரியையும் மாற்றி எழுதினேன். ரிவர்ஸ் ஃப்ளோவைத் தலைவர் ஏற்றுக்கொண்டார், சார்ஜ் வால்வு பரிந்துரையும் பதிவானது. மீட்டர் விஷயம் இன்ஸ்ட்ருமென்ட் ஆள் வந்த பிறகு பேசலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள்.

வால்வு_பாஸ்கர்
நல்லது தம்பி. ஸ்டாண்ட்பை பம்ப் இருக்கிறதா? இருந்தால், ஏ ஓடும்போது பி-யின் டெலிவரி வால்வு திறந்திருந்து அதன் என்ஆர்வி கசிந்தால், டொலுவீன் பி வழியாகச் சக்‌ஷனுக்கே திரும்பிச் சுற்றும், பி பின்னோக்கிச் சுழலும். அந்த நிலையில் பி-யை ஸ்டார்ட் செய்தால் ஷாஃப்ட் முறியக்கூட வாய்ப்புண்டு. அதை ஷீட்டில் எழுதினீர்களா?

ரேவதி_ப்ராசஸ்
கார்த்திக், பாஸ்கர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். மீட்டருக்குப் பிறகு வால்வு எதுவும் இல்லாமல் கிளை லைன் பிரிகிறதா என்றும் பாருங்கள்.